வருகை நேரம், புறப்பாட்டு நேரம், சாப்பாட்டு இடைவேளை: ஒரு நாளின் வேலை நேரத்தைப் பிழையின்றிக் கணக்கிடும் முறை

கோத்தகிரிப் பக்கத்தில் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகளில் வருகைப் பதிவேட்டுக்குப் புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். காலை 8.12 என்றும் மாலை 5.25 என்றும் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே புள்ளி வைத்து எழுதுவது நம் பழக்கம். அந்தப் புள்ளியைக் கால்குலேட்டர் தசமப் புள்ளியாகவே எடுத்துக்கொள்கிறது. மணிக்கு அறுபது நிமிடம் என்பது அதற்குத் தெரியாது. அது நூறாகவே கணக்குப் போடுகிறது. விடை சில நாள் சரியாகவும் சில நாள் தவறாகவும் வருவதால், பிழை நடந்திருப்பதே சம்பள நாள் வரை வெளியில் தெரிவதில்லை.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்தால் அந்தப் பிழைக்கு இடம் இருக்காது. ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கணக்கையே கடைசி வரை கொண்டு செல்கிறேன்: பேக்கிங் பிரிவு, காலை 8:12க்கு வருகை, மாலை 5:25க்குப் புறப்பாடு, இடையில் சம்பளம் இல்லாத 45 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை.

## 1. கணக்கைத் தொடங்கும் முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை

முதலில், எந்த இடைவேளைக்குச் சம்பளம் இல்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பத்தரை மணிக்கும் மூன்றரை மணிக்கும் பத்து நிமிடம் தேநீர் குடிக்க விடுவது பல இடங்களில் சம்பளத்தோடு சேர்ந்தது. அதைக் கழிக்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளையை மட்டுமே கழிக்க வேண்டும் என்றால், அது எத்தனை நிமிடம், யாருக்கு, எந்த ஷிப்டில் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த இடைவேளை எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். சில தொழிற்சாலைகளில் சாப்பிடப் போகும்போதும் திரும்பும்போதும் விரல் வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு பதிவுகள் இருக்கும். வேறு சில இடங்களில் காலையும் மாலையும் மட்டும் விரல் வைக்கிறார்கள். இடைவேளையை அலுவலகம் ஒரே அளவாகக் கழித்துக்கொள்கிறது. இந்த இரண்டில் எது நடக்கிறது என்று தெரியாமல் கணக்கில் இறங்கினால், ஒரே இடைவேளையை இரண்டு முறை கழிக்க நேரிடும்.

மூன்றாவதாக, மூலப் பதிவைச் சுத்தம் செய்ய வேண்டும். குளிரில் மரத்த விரலையும் இலைக் கறை படிந்த விரலையும் கைரேகைக் கருவி முதல் முறையிலேயே ஏற்காமல் போவதுண்டு. பதிவானதா என்ற ஐயத்தில் தொழிலாளி மறுபடியும் விரல் வைப்பார். 8:12 என்றும் 8:13 என்றும் இரண்டு வரிகள் வந்து நிற்கும். இரண்டாவது வரியைப் புறப்பாடு என்று எடுத்துக்கொண்டால் அந்த நாளின் வேலை ஒரு நிமிடம் என்று ஆகிவிடும். ஓரிரு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வரும் பதிவுகளை ஒரே பதிவாகக் கொள்ளுங்கள். வருகைக்கு அவற்றில் முதலாவதையும், புறப்பாட்டுக்குக் கடைசியையும் எடுப்பது தொழிலாளிக்குப் பாதகம் செய்யாத வழி.

ஒரு பதிவு முழுவதுமாக விடுபட்டிருந்தால் அதை நீங்களாக ஊகித்து நிரப்பக் கூடாது. மேற்பார்வையாளரிடம் கேட்டு, நேரத்தை எழுதி, அவர் கையொப்பம் வாங்கிய பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் இடங்களில் கருவியின் கடிகாரம் பின்தங்கவும் கூடும். எல்லாரும் ஒரே நாளில் ஒரே அளவு தாமதமாக வந்ததுபோல் தெரிந்தால், தாமதம் ஆட்களுடையதா கடிகாரத்துடையதா என்பதை முதலில் பாருங்கள்.

## 2. எல்லா நேரத்தையும் 24 மணி முறைக்கு மாற்றுதல்

மதியம் ஒரு மணியிலிருந்து இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது வரையுள்ள நேரங்களின் மணியோடு 12ஐக் கூட்டுங்கள். மாலை 5:25 என்பது 17:25. காலை 8:12 அப்படியே 8:12.

தவறு நேர்வது பன்னிரண்டு மணியில்தான். நண்பகல் 12:20 என்பது 12:20 ஆகவே இருக்கும். அதோடு 12ஐக் கூட்டி 24:20 என்று எழுதக் கூடாது. நள்ளிரவு தாண்டிய 12:20 என்பது 0:20. சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே விழுவதால் இந்தக் குழப்பம் அன்றாடம் எழுகிறது. சாப்பாட்டுக்குப் பின் 1:35க்குத் திரும்பியவருக்கு 13:35 என்று எழுதாமல் 1:35 என்றே விட்டால், அவர் விடியற்காலையில் திரும்பியதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும்.

இந்த மாற்றத்தை முதலிலேயே செய்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கழித்தலுக்கு நடுவில் காலை, மாலை என்று யோசிக்கும்போதுதான் 12 மணி நேரம் கூடுதலாகவோ குறைவாகவோ நுழைந்துவிடுகிறது.

## 3. மணியையும் நிமிடத்தையும் ஒரே எண்ணாக, நிமிடமாக மாற்றுதல்

மணியை 60ஆல் பெருக்கி, நிமிடத்தைக் கூட்டுங்கள். இதுவே இந்த முறையின் உயிர்நாடி. ஒரு நேரத்தை நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றிவிட்டால் அது சாதாரண எண். எந்தக் கால்குலேட்டரிலும் கூட்டலாம், கழிக்கலாம்.

8:12 என்பது 8 × 60 + 12 = 492.

17:25 என்பது 17 × 60 + 25 = 1045.

இதைச் செய்யாமல் நேராகப் புள்ளி வைத்துக் கழித்தால் என்ன ஆகும் என்பதை இதே கணக்கில் பார்க்கலாம். 17.25இலிருந்து 8.12ஐக் கழித்தால் 9.13. உண்மையான விடையும் 9 மணி 13 நிமிடம்தான். புறப்பாட்டின் நிமிடம் வருகையின் நிமிடத்தைவிடப் பெரிதாக இருந்ததால், மணியிலிருந்து கடன் வாங்கத் தேவைப்படவில்லை. அதனால் சரியாக வந்தது. அடுத்து 0.45ஐக் கழித்தால் 8.68 வருகிறது. அறுபத்தெட்டு நிமிடம் என்று ஒன்று கிடையாது என்பதைக் கவனிப்பவர் இங்கே நின்றுவிடுவார். கவனிக்காதவர் அதை 8.68 மணி நேரம் என்று சம்பளக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்.

இதைவிட ஏமாற்றுவது, நிமிடப் பகுதி 60க்குக் கீழே வரும் தவறான விடை. காலை 8:50, மாலை 5:10 என்றால் 17.10 – 8.50 = 8.60, இது கண்ணில் பட்டுவிடும். காலை 8:55, மாலை 5:00 என்றால் 17.00 – 8.55 = 8.45 வரும். பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத எண், ஆனால் உண்மையான விடை 8 மணி 5 நிமிடம். ஒவ்வொரு முறை கடன் வாங்கும்போதும் நாற்பது நிமிடம் கூடுதலாக நுழைகிறது, ஏனென்றால் அறுபதுக்குப் பதிலாக நூறு கடன் வாங்கப்படுகிறது.

## 4. வருகையைப் புறப்பாட்டிலிருந்து கழித்தல்

1045 – 492 = 553 நிமிடம். வாசலுக்குள் இருந்த மொத்த நேரம் இது. இன்னும் இடைவேளை கழிக்கப்படவில்லை.

இரவு ஷிப்டுக்கு ஒரு படி கூடுதலாக உண்டு. மாலையில் லாரிகளில் வந்து சேரும் இலை, வாடல் தொட்டிகளில் இரவு முழுவதும் கிடப்பதால், இலை மிகுந்த மாதங்களில் இரவிலும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். இரவு 9:40க்கு வந்து மறுநாள் காலை 6:15க்குப் போனவருக்கு வருகை 1300, புறப்பாடு 375. நேராகக் கழித்தால் விடை எதிர்மறை எண்ணாக வரும். புறப்பாடு வருகையைவிடச் சிறிய எண்ணாக இருந்தால், அதோடு ஒரு நாளின் நிமிடங்களான 1440ஐக் கூட்டிய பிறகு கழியுங்கள்: 375 + 1440 = 1815; 1815 – 1300 = 515 நிமிடம்.

இந்த 515ஐ நள்ளிரவில் இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் எழுதுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எந்த நாளும் முழு ஷிப்டாகத் தெரியாது. அன்றைய மிகைநேரமும் மறைந்துபோகும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு, நள்ளிரவுக்குப் பின் செய்த வேலையை முந்தைய நாளோடு சேர்த்தே எண்ண வைத்தது. ஷிப்டு தொடங்கிய தேதியிலேயே முழு நேரத்தையும் எழுதுங்கள்.

## 5. சம்பளம் இல்லாத சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தல்

553 – 45 = 508 நிமிடம். இதுவே அந்த நாளின் வேலை நேரம்.

இடைவேளையை மொத்த நேரம் கிடைத்த பிறகு கழிப்பதற்குக் காரணம், அது அந்த நாளில் உண்மையில் எடுக்கப்பட்டதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருப்பதே. நான்கு சூழ்நிலைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்கு பதிவுகளும் இருக்கும் நாளில், காலைப் பகுதியையும் பிற்பகல் பகுதியையும் தனியாகக் கழித்துக் கூட்டலாம். நம் தொழிலாளி 12:50க்குச் சாப்பிடப் போய் 13:35க்குத் திரும்பினார் என்றால், காலைப் பகுதி 770 – 492 = 278, பிற்பகல் பகுதி 1045 – 815 = 230, இரண்டும் சேர்ந்து 508. முதல் வழியில் வந்த அதே விடை. இந்த வழியில் இடைவேளை தானாகவே வெளியே போய்விட்டது. இதற்குப் பின்னும் பழக்கத்தால் 45ஐக் கழித்தால் 463 ஆகிவிடும். நான் பார்த்த புதியவர்களின் பதிவேடுகளில் தொழிலாளிக்கு மிகுந்த இழப்பை உண்டாக்குவது இந்த இரட்டைக் கழிவுதான்; விடை 7 மணி 43 நிமிடம் என்று நம்பும்படியாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை அரை நாள் மட்டும் வேலை செய்து, சாப்பிடுவதற்கு முன்பே வீட்டுக்குப் போனவருக்கு இடைவேளையே இல்லை. 8:20இலிருந்து 13:10 வரை 290 நிமிடம். அதில் எதையும் கழிக்கக் கூடாது. எல்லா நாளுக்கும் 45 என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்தால், எடுக்காத இடைவேளைக்கு அவர் கூலி கொடுத்தவர் ஆகிறார். இன்னின்ன மணி நேரத்துக்குக் குறைந்த நாளில் இடைவேளை கழிக்கப்படாது என்ற விதியை நிர்வாகத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இலை லாரி இறங்கியதால் சாப்பாட்டு நேரத்திலும் வேலை செய்தவரின் கணக்கும் இப்படித்தான். இடைவேளை எடுக்கப்படவில்லை என்றால் அது வேலை நேரம். மேற்பார்வையாளரின் குறிப்பை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். வாரக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கடைசியாக, 45 நிமிடத்துக்குப் பதில் 60 நிமிடம் கழித்துத் திரும்பியவர். பதிவு இருந்தால் உண்மையான 60ஐயே கழிப்பது முறை. ஆனால் அதே விதியின்படி, 35 நிமிடத்தில் திரும்பி வேலையைத் தொடங்கியவருக்கு 35தான் கழிக்கப்பட வேண்டும். தாமதத்துக்கு உண்மை நேரம், சீக்கிரத்துக்கு நிலையான 45 என்று இரண்டு அளவுகோல் வைப்பது நியாயமாகாது.

## 6. நிமிடத்தை மீண்டும் மணியாக மாற்றுதல்

இங்கே இரண்டு வடிவங்கள் உள்ளன. இரண்டும் தேவைப்படும், ஆனால் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

பதிவேட்டில் மனிதர்கள் படிப்பதற்கு மணி–நிமிட வடிவம். 508ஐ 60ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 28. ஆகவே 8 மணி 28 நிமிடம், 8:28.

கூலி விகிதத்தால் பெருக்குவதற்குத் தசம வடிவம். 508 ÷ 60 = 8.4667, இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 8.47 மணி.

8:28 என்பதும் 8.47 என்பதும் ஒரே நேரம். 8.28 என்று எழுதினால் அது இரண்டுமே இல்லை. அதை விகிதத்தால் பெருக்கினால் பதினொரு நிமிடத்துக்கு மேல் கூலி குறையும். பதிவேட்டில் மணி–நிமிடத்துக்கு எப்போதும் முக்காற்புள்ளியான 8:28 என்ற வடிவத்தையும், தசமத்துக்கு மட்டும் புள்ளியையும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டு, தலைப்பில் ‘மணி:நிமிடம்’ என்றும் ‘தசம மணி’ என்றும் எழுதிவிட்டால் அடுத்து வருபவரும் தடுமாற மாட்டார்.

கால்மணிக்கு முழுதாக்கும் வழக்கம் உள்ள இடங்களில், அதைக் கடைசி எண்ணில் ஒரே ஒரு முறை, அருகிலுள்ள கால்மணிக்குச் செய்யுங்கள். 508க்கு அருகிலுள்ளது 510, அதாவது 8:30. வருகையை எப்போதும் மேல்நோக்கியும் புறப்பாட்டை எப்போதும் கீழ்நோக்கியும் முழுதாக்கினால், இதே நாள் 8:15இலிருந்து 17:15 வரை என்றாகி, இடைவேளை போக 8:15 மட்டுமே நிற்கும். பதின்மூன்று நிமிட உழைப்பு காணாமல் போகிறது. ஒரு பக்கமாக மட்டும் சாயும் இந்த முழுதாக்கலை நான் ஏற்பதில்லை. நிமிடக் கணக்கு கையில் இருக்கும்போது முழுதாக்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

## 7. வாரக் கூட்டல்

ஒவ்வொரு நாளின் நிமிடத்தையும் கூட்டி, கடைசியில் ஒரு முறை 60ஆல் வகுக்க வேண்டும். நம் தொழிலாளியின் வாரம் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: திங்கள் 508, செவ்வாய் 485, புதன் 490, வியாழன் 520, வெள்ளி 497, சனி 290. மொத்தம் 2790 நிமிடம். 2790 ÷ 60 = 46.5 மணி, அதாவது 46:30.

இதையே புள்ளி வைத்து எழுதிய நேரங்களாகக் கூட்டினால் 8.28 + 8.05 + 8.10 + 8.40 + 8.17 + 4.50 = 45.50. நிமிடங்கள் மட்டும் சேர்ந்து 150 ஆகின்றன. அது இரண்டரை மணி நேரம். கால்குலேட்டர் அதை 1.50 என்று காட்டுகிறது. 45.50ஐ அப்படியே விகிதத்தால் பெருக்கினால் ஒரு முழு மணி நேரக் கூலி போய்விடும். மணிக்கு 60 ரூபாய் என்றால் அந்த ஒரு வாரத்தில் 60 ரூபாய்.

ஒரு தசம இடத்துக்கு மட்டும் சுருக்கிக் கூட்டுவதும் சிறு பிழையைத் தரும். 8.5, 8.1, 8.2, 8.7, 8.3, 4.8 என்று கூட்டினால் 46.6 வரும், ஆறு நிமிடம் கூடுதல். நிமிடத்திலேயே கூட்டினால் இந்தக் கேள்வியே எழாது.

## 8. விரிதாளில் செய்வது

மேலே சொன்ன வரிசையைக் கையால் சில நாள் செய்து பார்த்த பிறகே விரிதாளுக்குப் போங்கள். அப்போதுதான் தவறான விடை கண்ணுக்குத் தெரியும். B பத்தியில் வருகை, Cயில் புறப்பாடு, Dயில் இடைவேளை நிமிடம், Eயில் வேலை நிமிடம், Fஇல் தசம மணி என்று வைத்துக்கொண்டால், E2விலும் F2விலும் இடவேண்டியவை:

```
E2: =IF(COUNT(B2:C2)<2,"",ROUND(MOD(C2-B2,1)*1440,0)-D2)
F2: =IF(E2="","",ROUND(E2/60,2))
```

விரிதாள் ஒரு நாளை 1 என்ற எண்ணாக வைத்திருப்பதால், 1440ஆல் பெருக்கும்போது நிமிடம் கிடைக்கிறது. `MOD` நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டைத் தானே சரிசெய்கிறது. `COUNT` பகுதி, விடுபட்ட பதிவைப் பிடிப்பதற்காக. அது இல்லாவிட்டால் காலியாக உள்ள புறப்பாட்டை விரிதாள் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, 8:12க்கு வந்தவருக்கு 903 நிமிடம், அதாவது 15 மணிக்கு மேல் வேலை என்று காட்டும்.

வாரத்துக்கு:

```
=SUM(E2:E7)/60
```

நேரத்தை `8:12`, `17:25` என்று முக்காற்புள்ளியோடு தட்டச்சு செய்ய வேண்டும். 8.12 என்று புள்ளி வைத்தால் அதை எட்டு நாளும் சொச்சமும் என்று விரிதாள் எண்ணும். நேர வடிவமைப்புள்ள கட்டத்தில் அது 2:52 என்று தெரியும். நீங்கள் எழுதாத ஒரு நேரம் கட்டத்தில் தெரிந்தால் முதலில் தேட வேண்டியது இந்தப் புள்ளியைத்தான்.

`MOD` ஒரு தவறை மறைக்கவும் செய்யும். வருகையும் புறப்பாடும் இடம் மாறி, B2வில் 17:25, C2வில் 8:12 என்று விழுந்தால், விரிதாள் அதை இரவு ஷிப்டு என்று நம்பி 887 நிமிடத்தைக் கொடுத்து, அதிலிருந்து இடைவேளையைக் கழிக்கும். எதிர்மறை எண் வந்திருந்தால் நாம் விழித்திருப்போம், இங்கே வராது. அதனால் E பத்தியில் 720ஐத் தாண்டும் எண்களும் 120க்குக் குறையும் எண்களும் வேறு நிறத்தில் தெரியும்படி நிபந்தனை வடிவமைப்பு வைத்து, அந்த வரிகளை மட்டும் மூலப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாளைப் பயன்பாட்டுக்குக் கொடுக்கும் முன் மூன்று வரிகளை உள்ளிட்டுச் சோதியுங்கள். 8:12, 17:25, 45 என்பதற்கு 508 வர வேண்டும். 21:40, 6:15, 30 என்பதற்கு 485 வர வேண்டும். 8:20, 13:10, 0 என்பதற்கு 290 வர வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தத் தாளில் சம்பளம் போடாதீர்கள்.